ஒரு வரி குறைந்தது

2017ம் வருடம் ஜனவரி 23ம் தேதி. உலகம் முழுவதும் ஐபோன் வைத்திருந்தவர்களின் திரையில் ஒரு சின்ன அறிவிப்பு எட்டிப் பார்த்தது. புதிய மென்பொருள் வந்திருக்கிறது. எண் 10.2.1. இறக்கிக்கொள்கிறீர்களா?

என்ன மாறியிருக்கிறது என்று கீழே ஒரு குறிப்பும் இருந்தது. சில பிழைகளைத் திருத்தியிருக்கிறோம், பாதுகாப்பை மேம்படுத்தியிருக்கிறோம். சாரம் அவ்வளவுதான். நல்ல விஷயம்தானே? பிழை போனால் சரி என்று கோடிக்கணக்கான பேர் பட்டனைத் தட்டினார்கள். நீங்களாக இருந்தாலும் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

அந்தக் குறிப்பில் ஒரு வரி குறைந்தது. அந்த ஒரு வரிக்காக அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை போகக்கூடிய ஓர் ஒப்பந்தத்தில் ஆப்பிள் கையெழுத்துப் போட வேண்டி வந்தது. ஃப்ரான்சில் இரண்டரைக் கோடி யூரோ அபராதம். பிரிட்டனில் இனிமேல் இப்படிச் செய்ய மாட்டோம் என்று உத்தரவாதம்.

உலகத்திலேயே விலை உயர்ந்த எழுதப்படாத வரி எது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம். அது என்ன வரி, ஏன் விட்டுப்போனது என்று பார்ப்பதற்கு முன்னால் நாம் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 34 வருடம் பின்னால்.

*

1983 செப்டெம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்கிற புரோகிராமர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்கிற மாதிரி ஒரு முழு கம்ப்யூட்டர் அமைப்பையே எழுதப் போகிறேன். பெயர், க்னூ. அடுத்த ஜனவரியில் எம்.ஐ.டி. வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். முதலில் அவர் கையில் தயாராக இருந்தது ஈமேக்ஸ் என்கிற எடிட்டர். இணையம் வீட்டுக்கு வராத காலம். வேண்டுமென்பவர்களுக்கு காந்த நாடாவில் பதிந்து தபாலில் அனுப்பினார். ஒரு நாடா 150 டாலர்.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் என்ன ஆகும்? ஆளுக்கொரு பக்கம் திருத்துவார்கள். யார், எப்போது, எந்த ஃபைலில் எதைத் தொட்டார்கள் என்பதற்குக் கணக்கு வேண்டும். அதற்காக ஒவ்வொரு மென்பொருளோடும் `ChangeLog` என்று ஒரு ஃபைல் இருந்தது. தேதி, பெயர், தொட்ட இடம், செய்த மாற்றம். ஒன்றுவிடாமல் எல்லாம் அதில் ஏறிவிடும்.

இதையே பயன்படுத்துகிறவரிடமும் நீட்டிவிட்டால் வேலை முடிந்ததல்லவா? முடியாது என்றது க்னூ. அவர்களுடைய விதிப்புத்தகம் இரண்டாவதாக இன்னொரு ஃபைலையும் கேட்கிறது. அதன் பெயர் `NEWS`. பயன்படுத்துகிறவர் கண்ணுக்குத் தெரியக்கூடிய, சொல்லத் தகுந்த மாற்றங்கள் மட்டும் இதில் வரவேண்டும். புதியது மேலே. பழையதை அழிக்கக்கூடாது, கீழே அப்படியே இருக்கட்டும். ஏனென்றால் ஒருவர் நான்கு பதிப்பைத் தாண்டிக் குதித்து வரலாம். அவருக்கு நான்கின் கதையும் வேண்டும்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. கணக்குப்பதிவியலில் முதல் பாடமே இதுதான். நாள்தோறும் நடப்பதை நடந்த வரிசையில் எழுதுவது குறிப்பேடு. அதையே இனம் பிரித்து அந்தந்தத் தலைப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பது பேரேடு. முருகனுக்கு நாம் எவ்வளவு தரவேண்டும் என்று தெரிய வேண்டுமானால் குறிப்பேட்டைப் புரட்டினால் விடிந்துவிடும். பேரேட்டில் முருகன் பக்கத்தைத் திறந்தால் போதும்.

`ChangeLog` குறிப்பேடு. `NEWS` பேரேடு. இன்று நாம் ரிலீஸ் நோட்ஸ் என்று சொல்வது இந்த இரண்டாவது ஃபைலின் வாரிசு. முதலாவதிலிருந்து இரண்டாவதை எடுத்து எழுதுவதில்தான் எல்லா வம்பும் இருக்கிறது.

*

1998ல் நெட்ஸ்கேப் தன்னுடைய பிரவுசரின் மூலநிரலை ஊருக்குத் திறந்துவிட்டது. மோசில்லா பிறந்தது. உள்ளே வேலை பார்த்தவர்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பிழைப் பட்டியலை இனி உலகமே பார்க்கும், உலகமே புகார் கொடுக்கும். அதற்காக டெர்ரி வைஸ்மன் என்பவர் பக்ஸில்லா என்கிற மென்பொருளை எழுதினார். புகார் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்ணுக்கு ஓர் ஆள். வேலை முடிந்தால் மூடிவிடலாம்.

இங்கே கவனியுங்கள். மூடுவது என்றால் சரிசெய்தது என்று அர்த்தமில்லை.

பக்ஸில்லாவில் ஒரு புகாரை மூடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. `FIXED`, சரிசெய்தாகிவிட்டது. `DUPLICATE`, இதே புகார் ஏற்கெனவே வந்திருக்கிறது. `INVALID`, இது பிழையே இல்லை. `WONTFIX`, பிழைதான், ஆனால் செய்யப்போவதில்லை. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது `WORKSFORME`. எனக்கு நன்றாகத்தானே ஓடுகிறது, உனக்கென்ன கேடு?

ஆக, இந்த மாதம் 300 வேலைகளை மூடினோம் என்று ஒரு பட்டியல் வந்தால், அதில் பாதி வெறும் கழிவாக இருக்கலாம். மீதியிலும் எது வாசகருக்கு, எது சமையலறையோடு போகவேண்டியது என்று பட்டியலுக்குத் தெரியாது. மனிதர்தான் பிரிக்க வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸ்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேலையை முடித்த புரோகிராமருக்கே, இது ரிலீஸ் நோட்ஸில் வரவேண்டும் என்று தோன்றினால், அந்தப் புகாரின் மீது `relnote-firefox` என்று ஒரு கொடியை நட்டு விண்ணப்பிக்கலாம். சும்மா நட முடியாது. சில கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். இது ஏன் குறிப்பிடத் தகுந்தது? ஆண்ட்ராய்டு பதிப்பையும் பாதிக்குமா? எந்த வாசகத்தைப் போடலாம் என்கிறீர்கள்? மேல் விவரம் எங்கே இருக்கிறது? ரிலீஸைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் அதைப் படித்து, ஏற்பார் அல்லது தள்ளுவார்.

முதல் கேள்விதான் சல்லடை. "நான் மூன்று வாரம் உழைத்தேன்" என்பது அதற்குப் பதில் இல்லை.

*

சரி, நாமே ஒன்று எழுதிப் பார்த்துவிடுவோம். ஒரு பேச்சுக்கு, மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்று இருக்கிறது. போன பதிப்பு ஜனவரியில் வந்தது. அடுத்தது மார்ச்சில். நடுவில் ஒன்பது வேலைகள் மூடப்பட்டிருக்கின்றன. நீங்கள்தான் ரிலீஸ் நோட்ஸ் எழுத வேண்டியவர்.

முதல் வேலை. வரியைப் பொருள்வாரியாகக் கணக்கிட்டுக் கூட்டும்போது சில பில்களில் மொத்தம் ஒரு பைசா பிசகியது. அது ரூபாய்க்கு முழுமையாக்கும்போது ஒரு ரூபாய் வித்தியாசமாகிவிடும். சரிசெய்தாகிவிட்டது. புரோகிராமர் எழுதி வைத்திருப்பது இது:

```
* billing.c (round_total): Use integer paise.
```

இரண்டாவது, இன்னொரு கடைக்காரர் கொடுத்த இதே புகார். மூன்றாவது, பார்கோடு கருவியை வேகமாக அழுத்தினால் ஒரே மாத்திரை இரண்டு முறை ஏறியது. நான்காவது, பில்லை வாட்ஸப்பில் அனுப்பும் வசதி. ஐந்தாவது, அந்த வாட்ஸப் வசதியில் பில் எண் தப்பாக வந்தது, அதுவும் சரியாகிவிட்டது. ஆறாவது, பழைய பில்லைத் தேடும் பகுதியை மொத்தமாகத் திருப்பி எழுதியது. ஏழாவது, தினசரி பேக்கப் இனி D டிரைவில் விழாது, மென்பொருள் இருக்கிற ஃபோல்டரிலேயே விழும். எட்டாவது, கைரேகை வைத்து உள்ளே நுழையும் வசதி கேட்டிருந்தார்கள், முடியாது என்று மூடியாகிவிட்டது. ஒன்பதாவது, திரும்பி வந்த சரக்குக் கணக்கில் ஒரு பிழை, சரிசெய்தார்கள்.

இப்போது பென்சிலை எடுங்கள். இரண்டாவதை அடியுங்கள், முதலாவதின் நகல். எட்டாவதையும் அடியுங்கள், எதுவும் மாறவில்லை. கேட்டவருக்குத் தனியாகப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

ஐந்தாவது? இதில்தான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். வாட்ஸப் வசதியே இந்தப் பதிப்பில்தான் வருகிறது. அதில் இருந்த பிழை பிப்ரவரியில் பிறந்து பிப்ரவரியிலேயே செத்துவிட்டது. எந்தக் கடைக்காரரும் அதைப் பார்த்ததில்லை. "வாட்ஸப் பில்லில் தவறான எண் வந்ததைச் சரிசெய்தோம்" என்று எழுதினால், ஐயோ நான் அனுப்பிய பில்லெல்லாம் தப்பா என்று போன் அடிப்பார். அடித்துவிடுங்கள்.

ஒன்பதாவது இன்னும் மோசம். பட்டியலில் `FIXED` என்றுதான் இருக்கிறது. ஆனால் சரிசெய்த கையோடு வேறு எதுவோ உடைந்து, வெளியிடுவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்தத் திருத்தத்தைப் பிடுங்கிவிட்டார்கள். மூடிய வேலையைத் திருப்பித் திறக்க மறந்துவிட்டார்கள். பட்டியலை நம்பி எழுதினால் இல்லாத ஒன்றை இருக்கிறது என்று அச்சடித்துக் கொடுப்பீர்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். வெளியே போகப் போகிற அதே பதிப்பை ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, ஒவ்வொரு வரியையும் நீங்களே செய்து பார்ப்பது. செய்து பார்க்காத வரி போகக்கூடாது.

மிஞ்சியது ஐந்து. முதலாவது, மூன்றாவது, நான்காவது, ஆறாவது, ஏழாவது. இவற்றைத் தமிழ்ப்படுத்த வேண்டும். கடைக்காரர் தமிழுக்கு.

திருத்தங்களுக்கு ஒரு சுலபமான சூத்திரம் உண்டு. காரணத்தை எழுதாதீர்கள், அவர் கண்ணால் கண்டதை எழுதுங்கள். என்ன செய்தபோது என்ன ஆனது, இனி என்ன ஆகும். முழு எண்ணா, தசம எண்ணா என்பது அவருக்கு வேண்டாத பிரச்னை. ஆனால் அவருக்கு வேண்டிய ஒன்று புரோகிராமரின் வரியில் இல்லவே இல்லை. ஏற்கெனவே அடித்த பில்கள் என்ன ஆகும்? தானாகத் திருந்துமா? ஆடிட்டருக்கு என்ன சொல்வது? போய்க் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

ஆறாவதை எப்படி எழுதுவது? திருப்பி எழுதினோம் என்பது அவருடைய சமாசாரம், நமக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் லட்சம் பில் உள்ள கடையில் தேடிப் பாருங்கள். முன்பு எட்டு விநாடி, இப்போது ஒரு விநாடி என்று வந்தால் அதை எழுதலாம். அளந்து பார்க்காமல் "வேகம் கூடியிருக்கிறது" என்றால் யாரும் நம்பப்போவதில்லை.

அப்புறம் ஒன்று. மூடிய வேலைகளின் பட்டியலில் எப்போதுமே இருக்காத ஒரு சங்கதி இருக்கிறது. மூடாத வேலைகள்! பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பில்லின் கடைசி வரி வெட்டுப்படுகிறது. தெரியும், இன்னும் தீரவில்லை. அதை நீங்களாகப் போய் எடுத்து வந்து சேர்க்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் குறிப்புகளில் இதற்கென்றே தீராதவை என்று ஒரு தலைப்பு உண்டு.

இப்போது சேர்த்துப் படியுங்கள்.

முதலில் கவனியுங்கள்: தினசரி பேக்கப் இனி D டிரைவில் சேராது. மென்பொருள் இருக்கும் ஃபோல்டரில் சேரும். D டிரைவிலிருந்து பென் டிரைவுக்கு நகல் எடுப்பவர்கள் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பழைய பேக்கப்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

புதிது: பில்லை வாடிக்கையாளரின் வாட்ஸப்புக்கு அனுப்பலாம். பழைய பில்லைத் தேடுவது, லட்சம் பில் உள்ள கடையில் எட்டு விநாடி எடுத்தது, இப்போது ஒரு விநாடி.

சரிசெய்தது: பல வரி விகிதப் பொருள்கள் ஒரே பில்லில் வந்தால் மொத்தத்தில் சில சமயம் ஒரு ரூபாய் கூடவோ குறையவோ வந்தது. இனி வராது. ஏற்கெனவே அடித்த பில்கள் மாறாது. பார்கோடு கருவியை வேகமாக அழுத்தினால் ஒரே பொருள் இரண்டு முறை ஏறியது. இனி ஏறாது.

இன்னும் தீராதது: டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கடைசி வரி வெட்டுப்படலாம். அதுவரை பில்லின் அடியில் ஒரு காலி வரி விட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்பது வேலைகளில் நான்கு உதிர்ந்து, பட்டியலில் இல்லாத ஒன்று உள்ளே வந்திருக்கிறது. இன்னொன்றையும் பார்த்தீர்களா? புரோகிராமர்களுக்குப் பெருமை வாட்ஸப் வசதியில்தான் இருக்கும். ஆனால் நாம் உச்சியில் வைத்தது பேக்கப் ஃபோல்டரை. செய்வதற்குப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால், ஒரு கடைக்காரர் ஆறு மாதம் பழைய ஃபோல்டரையே நகலெடுத்துக்கொண்டிருப்பார். ஹார்ட் டிஸ்க் போகிற அன்றைக்குத்தான் தெரியும்.

வேலையின் அளவு வேறு, பாதிப்பின் அளவு வேறு. மேலே வர வேண்டியது எது என்பதை இரண்டாவதுதான் தீர்மானிக்கும்.

*

2014ல் ஒலிவியே லக்கான் என்கிற புரோகிராமர் இந்த இனம் பிரிக்கும் வேலைக்கு ஒரு பொது விதி எழுதினார். ஆறே தலைப்பு. சேர்த்தது, மாற்றியது, சீக்கிரம் கைவிடப் போவது, நீக்கியது, சரிசெய்தது, பாதுகாப்பு. வேலைப் பதிவேட்டை அப்படியே கொட்டிவிட்டு இதுதான் மாற்றக் குறிப்பு என்று சொல்லாதீர்கள் என்பது அவருடைய முக்கிய வேண்டுகோள்.

ஆறில் நான்கைப் பற்றித் தகராறே வராது. சேர்த்தது சேர்த்ததுதான். சண்டையெல்லாம் மாற்றியதற்கும் சரிசெய்ததற்கும் நடுவில். எழுதுகிறவருக்கு எல்லாமே சரிசெய்ததாகத்தான் தெரியும். ஏதோ கெட்டிருந்தது, நல்லதாக்கினோம். ஆனால் பயன்படுத்துகிறவர் நேற்று வரை செய்துகொண்டிருந்த ஒன்று இன்றைக்கு வேறு மாதிரி நடக்கிறது என்றால், அவருக்கு அது மாற்றம். நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மாற்றம்தான்.

இதே காலத்தில் இன்னொரு போக்கும் வந்தது. 2011ல் ஃபயர்ஃபாக்ஸ் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்று வேகமெடுத்தது. 2020ல் அது நான்கு வாரமானது. 2013ல் ஐபோனில் செயலிகள் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதி வந்தது. யாரும் படிப்பதில்லை, எதற்கு எழுதுவானேன்? பிழைத் திருத்தங்கள் மற்றும் செயல்திறன் மேம்பாடுகள். இந்த ஐந்து வார்த்தையை ஒருமுறை எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் ஒட்டிவிட ஆரம்பித்தார்கள். உங்கள் போனைத் திறந்து பாருங்கள், இப்போதும் இருக்கும்.

குறிப்பேட்டைக் கொட்டுவது ஒரு தப்பு என்றால், பேரேட்டை மூடி வைத்து "கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்வது அதைவிடப் பெரிய தப்பு.

*

இப்போது ஜனவரி 23க்குத் திரும்பி வருவோம்.

2016 இறுதியில் ஐபோன் 6எஸ் வைத்திருந்த சிலருக்கு ஒரு தொல்லை. பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே போன் பட்டென்று அணைந்துவிடும். லித்தியம் பேட்டரி வயதாக ஆக, உள்ளே மின்தடை கூடும். பிராசஸர் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது கொடுக்க முடியாமல் மின்னழுத்தம் விழும். போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். குளிர் காலத்தில் இது இன்னும் அதிகம்.

ஆப்பிள் இதற்கு மென்பொருளில் வைத்தியம் பார்த்தது. பேட்டரி தளர்ந்திருந்தால், பிராசஸர் உச்ச வேகத்துக்குப் போகாமல் பிடித்து வைப்பது. அணையாது. ஆனால் வேகம் குறையும். இந்த வைத்தியம்தான் 10.2.1ல் இருந்தது. ஐபோன் 6, 6எஸ், எஸ்.ஈ. வகை போன்களுக்கு.

ஆப்பிளின் பட்டியலில் இது நிச்சயமாக ஒரு முடிந்த வேலை. திடீரென அணையும் பிழை, சரிசெய்தாகிவிட்டது. ஜனவரிக் குறிப்பில் அதுகூட இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே பதிப்பில் அடைத்த பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தனிப்பக்கமே போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து எழுதியிருந்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் இல்லை.

பிப்ரவரியில், மருந்து வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு, குறிப்பில் ஒரு வரி சேர்த்தார்கள். கடும் வேலையின்போது மின் நிர்வாகத்தை மேம்படுத்தி, எதிர்பாராமல் அணைவதைத் தவிர்க்கிறது என்று. 6எஸ் போன்களில் திடீர் அணைவு 80 சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்று நிருபர்களிடம் சொன்னார்கள்.

அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். அதில் பொய் இருக்கிறதா? இல்லை. ஆனால் உங்கள் போன் மெதுவாகலாம் என்பது எங்கே? புதுப் பேட்டரி போட்டால் வேகம் திரும்பிவிடும் என்பது எங்கே? மருந்தின் பலனைச் சொன்னார்கள், விலையைச் சொல்லவில்லை. சரிசெய்தது என்கிற தலைப்பில் வைத்துவிட்டால் விலையைச் சொல்ல வேண்டிய அவசியமே வராது. மாற்றியது என்ற தலைப்பில் வைத்திருந்தால் தப்பியிருக்க முடியாது. என்ன மாறியது என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

பதினோரு மாதம் ஓடியது. போன் மந்தமாகிவிட்டது என்று நினைத்தவர்களில் எத்தனையோ பேர் புதுப் போன் வாங்கியிருப்பார்கள். 2017 டிசம்பரில் ஒருவர் தன்னுடைய 6எஸ்ஸுக்குப் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு, வேகத்தை அளந்து பார்த்து, எகிறியிருக்கிறதே என்று இணையத்தில் எழுதினார். போன்களின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் மென்பொருளை எழுதிய ஜான் பூல், தன்னிடம் சேர்ந்திருந்த அளவீடுகளைப் பதிப்புவாரியாகப் பிரித்து வரைந்தார். 10.2.1க்கு முன்னால் 6எஸ் போன்கள் பெரும்பாலும் ஒரே வேகத்தில் குவிந்திருந்தன. அதற்குப் பிறகு கீழே கீழே புதிய புடைப்புகள். ஒரே மாடல் போன், பல வேகங்கள். இயற்கையாகத் தேய்ந்தால் அப்படிப் படிப்படியாக நிற்காது. யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்.

குறிப்பில் ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டியதை, வெளியாள் ஒருவர் வரைபடம் போட்டுக் கண்டுபிடித்தார்.

டிசம்பர் 20ம் தேதி ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 28ம் தேதி மன்னிப்புக் கேட்டது. 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 29 ஆக்கியது. 2018 மார்ச்சில் வந்த 11.3 பதிப்பில், பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டவும், வேகக் கட்டுப்பாட்டை வேண்டாமென்று அணைத்துவிடவும் வசதி வந்தது.

வழக்குகள் அதற்குள் குவிந்துவிட்டன. 2020 பிப்ரவரியில் ஃப்ரான்சின் நுகர்வோர் அதிகாரிகள் விதித்த இரண்டரைக் கோடி யூரோ அபராதத்தைக் கவனியுங்கள். போனை மெதுவாக்கியதற்காக அல்ல. புதுப்பித்தால் மெதுவாகலாம் என்று சொல்லாததற்காக. மார்ச்சில் அமெரிக்கச் சமரசம். குறைந்தது 31 கோடி, அதிகபட்சம் 50 கோடி டாலர். தப்பு செய்ததாக ஆப்பிள் ஏற்கவில்லை, ஆனால் பணம் கட்டியது. நவம்பரில் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றுடன் இன்னொரு சமரசம், 11.3 கோடி டாலர். 2021 மே மாதம் பிரிட்டனின் போட்டி ஆணையத்திடம் எழுதிக் கொடுத்தது: இனி ஒரு மென்பொருள் மாற்றம் போனின் வேகத்தைக் கணிசமாகப் பாதிக்கும் என்றால், முன்கூட்டித் தெளிவாகச் சொல்வோம்.

அதாவது, `NEWS` ஃபைல் ஒழுங்காக எழுதுவோம். பயன்படுத்துகிறவர் கண்ணுக்குத் தெரியக்கூடிய, சொல்லத் தகுந்த மாற்றங்கள். க்னூ கேட்டது அதைத்தான்.

விட்டுப்போன அந்த வரியை நாமே எழுதிப் பார்த்துவிடலாமா? "உங்கள் பேட்டரி பழையதாகியிருந்தால் போன் திடீரென அணைவதைத் தடுக்க அதன் உச்ச வேகத்தைக் குறைக்கிறோம். பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் திரும்பும்."

ஒரு வரி என்றேன், இரண்டாகிவிட்டது. எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.